டார்ச் அடித்து வீட்டைச் சோதிப்பது எப்படி: கரப்பான், எலி, மூட்டைப்பூச்சி

மருந்து வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு ராத்திரியை இதற்கு ஒதுக்குங்கள். பகலில் வீட்டைப் புரட்டிப் பார்த்தால் இந்த மூன்றும் விட்டுச் சென்ற அழுக்கு மட்டும்தான் கண்ணில் படும், அதையும் பாதிப் பேர் வேறு ஏதோ என்று நினைத்துத் துடைத்துவிடுவார்கள். இருட்டில் பார்த்தால் அவை எங்கிருந்து வருகின்றன, வெளிச்சம் பட்டதும் எங்கே ஓடுகின்றன என்பது தெரியும். அந்த "எங்கே" தெரியாமல் அடிக்கிற மருந்தில் பெரும்பகுதி தரைக்கும் சுவருக்கும்தான் போய்ச் சேரும்.

இந்தச் சுற்று பூச்சியைக் கொல்வதற்கு இல்லை. கையில் செருப்போடு போகாதீர்கள். ஒன்றை அடிக்கிற நேரத்தில் மற்ற ஐந்து எந்தச் சந்துக்குள் நுழைந்தன என்று பார்க்காமல் விட்டுவிடுவீர்கள், உங்களுக்கு வேண்டியது அந்தச் சந்துதான்.

கிளம்புவதற்கு முன்

குறைந்தது 2 நாளாவது வீட்டில் எந்த ஸ்ப்ரேயும் அடிக்காமல் இருங்கள். பல ஸ்ப்ரே மருந்துகள் பூச்சியைக் கொல்வதோடு தப்பியவற்றை இடம் மாறவும் வைக்கும், அப்புறம் நீங்கள் பார்க்கிற இடம் அவற்றின் உண்மையான இருப்பிடமாக இருக்காது. அதே போல, ஆள் வந்து பார்க்கப்போகிறார் என்கிற மாதிரி அன்றைக்கு மட்டும் வீட்டைத் தேய்த்துக் கழுவி வைக்காதீர்கள். வழக்கமாக எப்படி இருக்குமோ அப்படியே விடுங்கள்.

டார்ச் பெரிதாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் வெளிச்சம் குறுகிய கற்றையாக விழுவதாக இருக்கட்டும். ஃபோனில் இருக்கிற விளக்கு எல்லாப் பக்கமும் பரவி விழும், இடுக்குக்குள் ஆழமாகப் போகாது, நிழலும் சரியாக வராது. அவசரத்துக்கு ஆகும், அவ்வளவுதான். இன்னொரு சின்ன டார்ச் இருந்தால் அதன் முகப்பில் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை இரண்டு மூன்று மடிப்பாக வைத்து ரப்பர் பேண்டு போட்டுக்கொள்ளுங்கள். கரப்பானுக்கும் எலிக்கும் சிவப்பு வெளிச்சம் மிக மங்கலாகத்தான் தெரியும், அதனால் வெள்ளை வெளிச்சத்துக்கு ஓடுகிற மாதிரி இதற்கு ஓடாது. ஒற்றை மடிப்பு போதாது, வெள்ளை வெளிச்சம் கசியும்.

இவை தவிர, இடுக்கைச் சுரண்ட காலாவதியான பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்று, ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, ஈரத் துணி அல்லது பஞ்சு, கையுறை, வீட்டின் தோராயமான படம் வரைந்த ஒரு தாள், பேனா. கொஞ்சம் முகப்பவுடரும் எடுத்து வையுங்கள், அது எதற்கு என்று பின்னால் வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கண்ணால் பார்க்க முடியாத எந்த ஓட்டைக்குள்ளும் கையை விடக் கூடாது. உள்ளே எலி இருந்தால் கடிக்கும், எலி இருக்கிற இடத்துக்கு அதைத் தேடி வருகிறவையும் இருக்கலாம். ஃப்ரிட்ஜின் பின்புறம், சுவிட்ச் பெட்டி போன்ற இடங்களில் உலோகக் கம்பி, கத்தி எதையும் விட்டுக் குடைய வேண்டாம். வெளிச்சம் மட்டும் உள்ளே போகட்டும்.

முதலில் சமையலறை, இருட்டிலேயே

சமையலறை விளக்கை அணைத்து, ஆள் நடமாட்டம் நின்று ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகட்டும். கரப்பான்கள் இருட்டிய உடனே வந்துவிடுவதில்லை, சத்தமும் அதிர்வும் அடங்க வேண்டும். அப்புறம் விளக்கைப் போடாமல், வெறுங்காலோடு, சிவப்பு வெளிச்சத்தோடு வாசல் வரை வந்து நில்லுங்கள். உள்ளே போக வேண்டாம். அங்கே நின்றபடியே தரை ஓரம், மேடையின் விளிம்பு, சிங்க், அடுப்பைச் சுற்றி, ஃப்ரிட்ஜின் அடி என்று மெதுவாக ஒரு சுற்று பாருங்கள். எது எங்கே நிற்கிறது என்பது மனதில் பதிந்ததும் வெள்ளை டார்ச்சை, கூட்டமாக இருக்கும் இடத்தின் மேல் பளிச்சென்று போடுங்கள். அடுத்த மூன்று நான்கு வினாடிதான் இந்த ராத்திரியிலேயே பயனுள்ள நேரம். பூச்சியைப் பார்க்காதீர்கள், அது போகிற திசையைப் பாருங்கள். கரப்பான் கண்ட இடத்துக்கு ஓடாது, பெரும்பாலும் தனக்குத் தெரிந்த சந்துக்குத்தான் ஓடும். மூன்று பூச்சி மூன்று மூலையிலிருந்து கிளம்பி அடுப்பு மேடையின் ஒரே விரிசலுக்குள் போனால், தாளில் அந்த விரிசலைச் சுற்றி வட்டம் போடுங்கள்.

பார்த்தது எந்த வகை என்பது அடுத்த கேள்வி, இதில்தான் புதியவர்கள் அதிகமாகக் குழம்புகிறார்கள். வீட்டுக்குள் பொதுவாகத் தொல்லை தருபவை இரண்டு. ஜெர்மன் கரப்பான் சின்னது, வளர்ந்தது 12 முதல் 15 மில்லிமீட்டர், வெளிர் பழுப்பு, தலைக்குப் பின்னால் இருக்கிற தகட்டில் நீளவாக்கில் இரண்டு கருங்கோடு. அமெரிக்கக் கரப்பான் 35 மில்லிமீட்டருக்கு மேல் வளரும், செம்பழுப்பு நிறம். பெரியதைப் பார்த்துத்தான் எல்லோரும் அலறுவார்கள், ஆனால் வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்திப் பெருகுவதில் சின்னதுதான் மோசம். அதன் முட்டைப் பை ஒன்றில் 30 முதல் 40 முட்டை இருக்கும், பொரிக்கும் நேரம் நெருங்கும் வரை தாய் அதை வயிற்று நுனியிலேயே சுமந்து திரியும். அமெரிக்கக் கரப்பானின் பையில் 15 முட்டை அளவுக்குத்தான், அதையும் எங்காவது ஒட்டிவிட்டுப் போய்விடும்.

ஜெர்மன் கரப்பானுக்குச் சூடும் ஈரமும் உணவும் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். ஃப்ரிட்ஜின் மோட்டார் பக்கம், கதவைச் சுற்றியுள்ள ரப்பரின் மடிப்பு, மிக்ஸியின் அடி, அலமாரிக் கதவின் கீல், அடுப்புக்குப் பின்னால் இருக்கிற சுவர் விரிசல். முதுகும் வயிறும் இரண்டு பக்கமும் உரசுகிற மாதிரி நெருக்கமான இடம்தான் அதற்குப் பிடிக்கும், வளர்ந்த பூச்சிக்கு 5 மில்லிமீட்டர் சந்து தாராளம். அப்படிப்பட்ட இடத்தின் வாயில் மிளகுத்தூள் தூவிய மாதிரி கரும்புள்ளிகள் இருந்தால் அது எச்சம். இறக்கை இல்லாத, கருத்த, முதுகு நடுவில் வெளிர் பட்டை ஓடுகிற 3 மில்லிமீட்டர் குஞ்சுகள் தெரிந்தால், பூச்சி பொரித்த இடம் அங்கேயே ஓரிரு அடிக்குள் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அந்த வயதில் அவை வெகுதூரம் அலைவதில்லை.

அமெரிக்கக் கரப்பானுக்கு வீடு பெரும்பாலும் சாப்பாட்டுக்கு வருகிற இடம் மட்டுமே, இருப்பது சாக்கடையில். டார்ச் அடித்ததும் அது தரை வடிகால், சிங்கின் கீழ்க் குழாய் சுவருக்குள் போகிற துளை, குளியலறை என்று ஓடும். அடிக்கடி பயன்படுத்தாத வடிகாலில் டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய் வளைவில் எப்போதும் தண்ணீர் நின்று பளபளக்க வேண்டும். காய்ந்திருந்தால் சாக்கடைக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் கதவே இல்லை என்று பொருள். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாலே அந்த வழி அடைபடும், இதற்கு மருந்து எதற்கு?

எலிக்கு வெளிச்சத்தைப் படுக்கப் போடுங்கள்

எலியை நேரில் பார்ப்பது அதிர்ஷ்டம். அதை நம்பி உட்கார வேண்டாம், தடம் பார்த்தால் போதும். இங்கே டார்ச்சைப் பிடிக்கிற விதமே வேறு. மேலிருந்து கீழே அடித்தால் தரை தட்டையாகத் தெரியும், எதுவும் கண்ணில் படாது. டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து, வெளிச்சம் சுவர் ஓரமாகச் சாய்ந்து ஓடும்படி பிடியுங்கள். இப்போது ஒவ்வொரு புழுக்கைக்கும் நீளமான நிழல் விழும், தூசியில் கால் தடமும் வால் இழுத்த கோடும் எழும்பித் தெரியும். எலி திறந்த வெளியில் நடக்க விரும்பாது, சுவரை மீசையால் தொட்டபடியே போகும், அதனால் அறையின் நடுவை விட்டுவிட்டு ஓரத்தை மட்டும் பாருங்கள். ஒரே வழியில் திரும்பத் திரும்பப் போவதால் உடம்பின் எண்ணெய் பட்டு, சுவரின் அடியிலும் குழாய்த் துளையின் விளிம்பிலும் கருத்த பிசுக்குத் தடம் படிந்திருக்கும். அது பளபளப்பாக, தொட்டால் இழுபடுகிற மாதிரி இருந்தால் புதிது. காய்ந்து தூசி படிந்திருந்தால் பழைய கதை. கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

புழுக்கையின் அளவு நிறையச் சொல்லும். சுண்டெலியுடையது 3 முதல் 6 மில்லிமீட்டர், முனை கூராக இருக்கும். கூரையில் ஏறித் திரிகிற எலியுடையது 12 மில்லிமீட்டர் அளவு, அதுவும் கூர் முனை. தரையில் வளை தோண்டுகிற பெரிய எலியுடையது 18 மில்லிமீட்டர் வரை, இரண்டு பக்கமும் மழுங்கலாக, மாத்திரைக் கூடு மாதிரி. புதியது கருத்து, ஈரமாக, மென்மையாக இருக்கும். பழையது சாம்பல் பூத்து, குச்சியால் அழுத்தினால் பொடியாகும். வகை தெரிந்தால் தேட வேண்டிய உயரம் தெரியும்: கூரை எலி என்றால் பரணையும் சுவர் உச்சியையும், வளை எலி என்றால் தரையையும் வெளிச்சுவரின் அடியையும்.

நுழைகிற ஓட்டையைத் தேடும்போது பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர், அதாவது பென்சில் நுழைகிற இடைவெளி போதும். எலிக்கு அதைப்போல இரண்டு மடங்கு. கதவின் அடியைச் சோதிக்க எளிய வழி, ஒருவர் வெளியே நின்று கதவுக்கு அடியில் டார்ச் அடிக்கட்டும், நீங்கள் உள்ளே இருட்டில் நின்று எந்த மூலையில் வெளிச்சம் அகலமாகக் கசிகிறது என்று பாருங்கள்.

தடம் பழையதா புதியதா என்று உறுதியாகத் தெரியாதபோதுதான் அந்தப் பவுடர். சந்தேகமான சுவர் ஓரத்தில் இரண்டு கை அகலத்துக்கு மிக மெல்லியதாகத் தூவிவிட்டுப் படுத்துவிடுங்கள். காலையில் விடிந்ததும், ஜன்னலைத் திறக்கும் முன், டார்ச்சைப் படுக்கப் போட்டுப் பாருங்கள். முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் ஐந்து. நடுவில் கோடு ஓடினால் அது வால். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் வருகிற இடத்தில் தூவ வேண்டாம்.

புழுக்கை கிடைத்ததும் விளக்குமாற்றை எடுக்காதீர்கள். உலர்ந்ததைப் பெருக்கினால் தூசியாகி மூச்சில் போகும், எலியின் சிறுநீரும் புழுக்கையும் நோய் பரப்பக் கூடியவை. ஜன்னலைத் திறந்து அரை மணி காற்றோட விட்டு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நன்றாக நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு காகிதத்தால் துடைத்தெடுங்கள். ஆனால் அதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள், அளவு தெரிய பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து.

கடைசியில் கட்டில்

மூட்டைப்பூச்சிக்குப் பசி எடுக்கிற நேரம் விடியற்காலையை ஒட்டி, ஆள் ஆழ்ந்து தூங்கும்போது. அது இருட்டைத் தேடி வருவதைவிட ஆளைத் தேடித்தான் வருகிறது, நாம் விடுகிற மூச்சும் உடல் சூடும்தான் அதற்கு வழிகாட்டி. அதனால் காலியான கட்டிலில் நள்ளிரவில் டார்ச் அடித்து ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. ஒருவர் வழக்கம் போல அங்கேயே படுக்கட்டும், 3 அல்லது 4 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, விளக்கைப் போடாமல் டார்ச்சைப் போர்வை ஓரத்திலும் தலையணை அடியிலும் சுவரை ஒட்டிய பக்கத்திலும் போடுங்கள். குடித்து முடிக்க அதற்குப் பத்து நிமிடத்துக்குள் ஆகும், முடித்ததும் கிளம்பிவிடும். வயிறு நிரம்பியது உப்பி நீண்டு மெதுவாகத்தான் போகும், அதைப் பின்தொடரலாம்.

நேரில் பார்க்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, இடுக்குகளைப் பாருங்கள். மெத்தையின் ஓரத் தையலை விரலால் விரித்து, நான்கு மூலையும், அதில் தைத்திருக்கிற துணிச் சீட்டின் அடியும். இங்கே நேர் வெளிச்சம் சரி. அப்புறம் மெத்தையை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கட்டிலைப் பாருங்கள், பலர் இந்த வேலையை விட்டுவிடுகிறார்கள். பலகை சேருகிற மூட்டு, திருகாணித் துளை, தலைமாட்டுப் பலகையின் பின்புறம். பிளாஸ்டிக் அட்டையை இடுக்கில் விட்டு மெதுவாக இழுத்தால் உள்ளிருப்பது வெளியே வரும். அட்டை நுழைகிற இடத்தில் மூட்டைப்பூச்சியும் நுழையும். வளர்ந்தது சுமார் 5 மில்லிமீட்டர், தட்டை, செம்பழுப்பு. குஞ்சு ஒன்றரை மில்லிமீட்டர், கிட்டத்தட்ட நிறமே இல்லை. முட்டை 1 மில்லிமீட்டர், வெள்ளை, ஒட்டிக்கொண்டிருக்கும். இவற்றைவிட எளிதாகக் கிடைப்பது எச்சப் புள்ளி, துணியில் பேனா முனையை வைத்து எடுத்த மாதிரி கருப்பாக, ஓரம் கொஞ்சம் ஊறி. சந்தேகம் வந்தால் ஈரப் பஞ்சால் தேயுங்கள். செந்துருப் பழுப்பாக இழுபட்டால் அது செரித்த ரத்தம், மூட்டைப்பூச்சிதான் என்று கிட்டத்தட்ட சொல்லிவிடலாம். பூஞ்சைக் கறை அப்படி இழுபடாது.

உடம்பில் கடித்த தடிப்பை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒரே கட்டிலில் படுக்கிற இருவரில் ஒருவருக்குத் தடிக்கும், மற்றவருக்குத் தடமே இருக்காது. கிடைத்தால் பயந்துபோய் படுக்கையை அடுத்த அறைக்கு மாற்றுவதும் வேண்டாம், பூச்சியும் கூடவே குடிபோகும்.

ஒரு வீட்டில் இது எப்படிப் போனது

தெரிந்தவர் ஒருவர் வீட்டில் எலி என்றார். சிங்கின் கீழ்த் தட்டில் தினமும் கரும்புழுக்கை, பசை அட்டை வைத்து ஒரு வாரமாகியும் எலி மாட்டவில்லை, எலி உஷாராகிவிட்டது என்பது அவர் முடிவு. கூடவே பெரிய பையனுக்குக் கை முழுக்கத் தடிப்பு, அது கொசு என்றார்கள்.

சமையலறை வாசலில் சிவப்பு வெளிச்சத்தோடு நின்றபோது ஃப்ரிட்ஜ், அடுப்புப் பக்கம் ஒன்றுமே இல்லை. சிங்குக்குக் கீழே பெரிய கரப்பான் நான்கு. வெள்ளை டார்ச் போட்டதும் நான்கும் கழிவுநீர்க் குழாயைச் சுற்றிச் சிமெண்ட் பெயர்ந்திருந்த ஒரே துளைக்குள் போயின. தட்டில் இருந்த புழுக்கை 3 மில்லிமீட்டருக்கும் குறைவு, சுண்டெலியுடையதாக இருக்கலாம் என்று முதலில் தோன்றும். உருப்பெருக்கியில் பார்த்தால் முனை கூராக இல்லை, மழுங்கல், பக்கவாட்டில் நீளவாக்கில் வரிகள். அமெரிக்கக் கரப்பானின் எச்சம் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் அதை மட்டும் நம்பாமல் சுவர் ஓரத்தில் பிசுக்குத் தடம் தேடினோம், இல்லை. எந்தப் பொட்டலத்திலும் கொறித்த பல் தடம் இல்லை. பவுடர் தூவி வைத்ததில் காலையில் பூச்சிக் கால்கள் போட்ட மெல்லிய கீறல்கள் மட்டும், விரலோ வாலோ இல்லை. நான்கும் ஒரே பக்கம் கை காட்டின, எலி கிடையாது. குழாய்த் துளையைச் சிமெண்ட் வைத்துப் பூசியதும் தட்டு சுத்தமாகிவிட்டது.

பையன் கட்டிலில் மெத்தை புதியது, தையலில் ஒரு புள்ளிகூட இல்லை. அதைப் பார்த்துவிட்டு நிறுத்தியிருந்தால் கொசு என்றே போயிருக்கும். கட்டில் மட்டும் பழையது. தலைமாட்டுப் பலகையைச் சுவரிலிருந்து நகர்த்தி டார்ச் அடித்ததும் திருகாணித் துளைகளைச் சுற்றிக் கரும்புள்ளிகள், ஈரப் பஞ்சில் பழுப்பாக இழுபட்டன. அட்டையை மூட்டில் விட்டு இழுத்ததில் இரண்டு உயிருள்ள பூச்சியும் உரித்த தோல்களும் வந்தன. மெத்தையை மாற்றியபோது இவை பலகையில் இருந்தவாறே தப்பித்திருக்கின்றன.

ஒன்றும் கிடைக்காவிட்டால்

ஒரு ராத்திரியில் ஒன்றும் தெரியவில்லை என்றால் இல்லை என்று ஆகிவிடாது, குறைவாக இருந்தால் கண்ணில் படாமல் போவது சகஜம். சந்தேகம் இருக்கிற இடங்களில் பூச்சிக்கான சின்னப் பசை அட்டையைச் சுவரை ஒட்டி வைத்து, தேதியும் இடமும் அதன் மேல் எழுதி, ஒரு வாரம் கழித்து எடுங்கள். எந்த அட்டையில் அதிகம், எந்த ஓரத்திலிருந்து ஏறியிருக்கின்றன என்பது நீங்கள் தூங்குகிற நேரத்தில் நடந்ததைச் சொல்லும். கட்டிலுக்கு, கால்களின் அடியில் வைக்கிற கிண்ணப் பொறி இதைவிட நன்றாக வேலை செய்யும், ஆனால் கட்டில் சுவரைத் தொடக் கூடாது, போர்வை தரையில் தொங்கக் கூடாது.

மருந்து வைத்த பிறகு அதே தாளோடு, அதே நேரத்தில், அதே வாசலில் நின்று திரும்பப் பாருங்கள். கரப்பானுக்கு ஜெல் வைத்திருந்தால் ஒன்று இரண்டு வாரம் கழித்து, அதன் பிறகு ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை, ஏனென்றால் அப்போது இருந்த முட்டைப் பைகள் அதற்குள் பொரித்திருக்கும். மூட்டைப்பூச்சிக்கு இரண்டு வாரம் கழித்து, முட்டை பொரிக்க அநேகமாக அதற்குள்தான் ஆகும், அப்போது தேட வேண்டியது பெரிய பூச்சியை இல்லை, நிறமற்ற ஒன்றரை மில்லிமீட்டர் குஞ்சை. எலிக்கு, அடைத்த ஓட்டைகளின் முன்னால் மட்டும் மறுபடி கொஞ்சம் பவுடர் தூவிவிட்டுப் படுங்கள்.